கணக்காளருக்கு மென்பொருளில் அனுமதி தர வேண்டும், வங்கி இணைப்பில் மட்டும் கை வைக்கக் கூடாது: வழி உண்டா?

உளிச்சத்தம் எழுதியது:

மூன்று பேர் வேலை செய்யும் சிறிய மரவேலைப் பட்டறை என்னுடையது. இத்தனை நாளும் கணக்கை நானே பார்த்துவந்தேன். இனி முடியாது என்று வெளியே ஒரு கணக்காளரை அமர்த்தியிருக்கிறேன். நல்லவர், தெரிந்தவர் மூலம் வந்தவர்.

அவர் கேட்டது ஒன்றுதான்: "மென்பொருளில் என்னைக் கணக்காளராகச் சேர்த்துவிடுங்கள்." நான் பயன்படுத்துவது குவிக்புக்ஸ் ஆன்லைன். `Manage users` பக்கத்தில் `Accountants` என்று தனித்தாவலே இருக்கிறது. மின்னஞ்சலைப் போட்டு அழைப்பு அனுப்பப்போகும் நேரத்தில்தான் கவனித்தேன், அப்படி அழைக்கப்படுபவருக்கு நிறுவன நிர்வாகிக்கு உள்ள அதிகாரம் முழுவதும் போய்விடுகிறது. கையை எடுத்துவிட்டேன்.

நடப்புக் கணக்கு, வரிக்கென ஒதுக்கிவைக்கும் சேமிப்புக் கணக்கு, ஒரு கடன் அட்டை என மூன்றும் மென்பொருளோடு இணைந்திருக்கின்றன. அவர் பதிவுகளைப் பார்க்கட்டும், திருத்தட்டும், ஆண்டு இறுதிப் பதிவுகளைப் போடட்டும். ஆனால் இந்த மூன்று இணைப்புகளைச் சேர்ப்பது, துண்டிப்பது, மாற்றுவது ஆகியவை என் கையில் மட்டும் இருக்க வேண்டும். இது நடக்கிற காரியமா?

---

வெளித்திண்ணை எழுதியது:

வங்கிக் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள். சொந்தத் தம்பி என்றாலும் கொடுக்காதீர்கள். ஒருமுறைக் குறியீடு வந்தால் அதையும் சொல்லாதீர்கள். இவ்வளவுதான் விஷயம்.

---

உளிச்சத்தம் எழுதியது:

ஐயா, கடவுச்சொல்லை அவர் கேட்கவே இல்லை, நானும் தருவதாக இல்லை. வங்கியின் தளத்தில் நான் உள்நுழைந்து ஒப்புதல் கொடுத்து இணைத்தது அது. கேள்வி மென்பொருளுக்குள் இருக்கும் அதிகாரத்தைப் பற்றியது.

---

குறுக்குக்கணக்கு எழுதியது:

இதற்கு ஏன் இத்தனை யோசனை? பார்வைக்கு மட்டும் என்று ஒரு பயனர் வகை பல மென்பொருளில் இருக்கும். அதைக் கொடுங்கள். எல்லாவற்றையும் பார்ப்பார், எதையும் தொட மாட்டார். என் கடையில் மூன்று ஆண்டுகளாக அப்படித்தான்.

---

பழையபேரேடு எழுதியது:

குறுக்குக்கணக்கு சொல்வது பாதி சரி. அறிக்கைகளை மட்டும் எடுத்து வரிப்படிவம் நிரப்பிக்கொடுக்கும் கணக்காளருக்கு அது போதும். உளிச்சத்தம் கேட்பது பதிவுகளைத் திருத்துபவரை. தேய்மானம் போட, தவறான தலைப்பில் விழுந்த செலவை மாற்ற, முன்பணத்தைப் பிரிக்க அவருக்கு எழுதும் அனுமதி வேண்டும். பார்வை மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு திருத்தத்தையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்புவார், நீங்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்வீர்கள். இரண்டு மாதத்தில் யாராவது ஒருவர் சலித்துப்போவார்கள்.

முதலில் பயத்தைச் சரியான அளவுக்கு வெட்டிக்கொள்வோம். மென்பொருளிடம் இருக்கும் வங்கி இணைப்பு பெரும்பாலும் படிக்க மட்டும் உதவும் சாவி. அதைக்கொண்டு பணத்தை எடுக்க முடியாது. மென்பொருள் வழியாகவே பணம் செலுத்தும் வசதியை நீங்கள் தனியாகத் தொடங்கியிருந்தால் அது வேறு கதை, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இணைப்பின் மீது அதிகாரம் உள்ளவர் என்ன கெடுக்க முடியும்? கணக்கைக் கெடுக்க முடியும். தீய எண்ணமே தேவையில்லை, அவசரம் போதும். நான் பார்த்துச் சரிசெய்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்தில் இணைப்பு இரண்டு நாளாகப் புதிய பரிவர்த்தனை வரிகளைக் கொண்டுவரவில்லை. கணக்காளர் அலுவலகத்தில் ஓர் உதவியாளர், பழுது நீங்கும் என்று நினைத்து இணைப்பைத் துண்டித்தார். உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்து ஒப்புதல் வாங்கி மறுபடி இணைத்தார். புது இணைப்பு என்பதால் மென்பொருள் கடந்த 90 நாள் வரிகளைப் புதிதாகக் கொண்டுவந்து கொட்டியது. பழைய வரிகள் ஏற்கெனவே பேரேட்டில் ஏறியவை. ஆனால் வங்கி வரிகளுக்கு உள்ளே இருக்கும் அடையாள எண் இப்போது வேறு, ஆகவே இவை பழையவைதாம் என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. சிலவற்றைத் தொகையை வைத்துத் தானே பொருத்திக்கொண்டது. மீதியை உதவியாளர் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஏற்றுக்கொண்டார்.

மாத இறுதியில் வங்கி ஸ்டேட்மென்டில் இருப்பு 3,12,400. பேரேட்டில் 4,05,900. வித்தியாசம் 93,500. அந்தத் தொகைக்கு ஒற்றை வரவு எங்கேயும் இல்லை, தேடி அலுத்துப்போனார்கள். நான் அந்தக் கணக்கின் பேரேட்டை ஏற்றுமதி செய்து, தொகைவாரியாக அடுக்கினேன். ஒரே தேதி, ஒரே தொகை, இரண்டிரண்டாக நின்றன: இரட்டித்த வரவுகள் 19, சேர்ந்து 2,68,000. இரட்டித்த செலவுகள் 24, சேர்ந்து 1,74,500. கழித்தால் 93,500.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கழித்தல்தான். வருமானம் உண்மையில் 2,68,000 கூடுதலாக நின்றது, ஆனால் இருப்பில் தெரிந்த பிழை அதில் மூன்றில் ஒரு பங்குதான். வரவும் செலவும் இன்னும் நெருக்கமாக இருந்திருந்தால் வித்தியாசம் ஏதோ வங்கிக் கட்டணம் என்று தோன்றும் அளவுக்குச் சிறுத்திருக்கும். அதனால் இருப்பை மட்டும் ஒப்பிட்டால் போதாது, ஸ்டேட்மென்டில் எத்தனை வரிகள், பேரேட்டில் எத்தனை வரிகள் என்றும் எண்ணிப் பாருங்கள்.

---

ஐந்தொகை எழுதியது:

நான் தொழிலால் கணக்காளர். தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன், கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது. எங்களைத் திருடர்களைப் போலக் காவல் காக்கச் சொல்கிறீர்களா?

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வாடிக்கையாளரின் வங்கி இணைப்பின் மீது எனக்கு அதிகாரம் இல்லாமலிருப்பது எனக்கும் நல்லதுதான். ஏதாவது காணாமல்போனால் எல்லாப் பார்வையும் முதலில் திரும்புவது எங்கள் பக்கம். ஆனால் அந்த `Accountants` அழைப்பை மறுத்துச் சாதாரணப் பயனராகச் சேர்த்தால், எங்களுக்கென்று இருக்கும் கருவிகள் சில கிடைக்காது. நூறு பதிவுகளை ஒரே வீச்சில் வேறு தலைப்புக்கு மாற்றும் வசதி அவற்றில் ஒன்று. அது இல்லாமல் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றுவதற்கு ஆகும் நேரத்துக்கு நான் கட்டணம் கேட்பேன். இதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் வங்கிச் சரிக்கட்டல், அதாவது பேரேட்டையும் வங்கி ஸ்டேட்மென்டையும் ஒத்துப்பார்ப்பது. வங்கிப் பக்கத்தையே மூடிவிட்டு "சரிக்கட்டிக் கொடுங்கள்" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. கதவைச் சாத்திவிட்டு வீட்டைப் பெருக்கச் சொல்கிற கதை.

---

உளிச்சத்தம் எழுதியது:

ஐந்தொகை அவர்களே, மனம் நோகும்படி எழுதியிருந்தால் மன்னியுங்கள். பட்டறையில் வாள் இயந்திரத்தின் சாவியையும் எல்லாரிடமும் கொடுப்பதில்லை. அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

நேற்று இரவு ஒரு சோதனை செய்தேன். என்னுடைய இன்னொரு மின்னஞ்சல் முகவரியை ஒரு பயனராகச் சேர்த்து, உலாவியில் தனிச்சாளரம் திறந்து அந்தப் பெயரில் உள்நுழைந்து பார்த்தேன். நிர்வாகி அல்லாத, ஆனால் பதிவுகள் அனைத்தையும் கையாளும் வகையைக் கொடுத்திருந்தேன். வங்கிப் பக்கம் முழுவதும் திறந்தது. எது எதைத் தொடலாம் என்று ஒவ்வொரு வரியாகத் தேர்ந்தெடுத்து நாமே அமைக்கும் பயனர் வகை குவிக்புக்ஸில் `Advanced` திட்டத்தில்தான் வருகிறது, என்னிடம் அது இல்லை. இதற்காக மேல்திட்டத்துக்குப் போக மனமில்லை. வேறு என்ன செய்யலாம்?

---

பழையபேரேடு எழுதியது:

சோதித்துப் பார்த்தீர்களே, அதுதான் சரியான முறை. உதவிப்பக்கத்தில் எழுதியிருப்பதை நம்புவதைவிட அந்தப் பயனராகவே உள்ளே போய் எந்தப் பொத்தான் தெரிகிறது என்று பார்ப்பது மேல். திட்டம் மாறினாலோ மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலோ அதே சோதனைப் பயனரை வைத்து மறுபடி பாருங்கள்.

மென்பொருள்கள் இதில் ஒரே மாதிரி இல்லை. ஜோஹோ புக்ஸில் பயனர் வகையை நாமே அமைக்கும்போது வங்கிக்கென்று தனி வரி இருக்கும். பார்ப்பது, உருவாக்குவது, திருத்துவது, நீக்குவது என்று தனித்தனிக் கட்டங்கள். சிலவற்றில் வங்கி வேலை முழுவதும் ஒரே மூட்டை: வரியைப் பொருத்துவதும் இணைப்பைத் துண்டிப்பதும் ஒரே அனுமதிக்குள் அடங்கிவிடும். உங்களுடைய நிலை அதுதான்.

மூட்டையைப் பிரிக்க முடியாதபோது வேலையைப் பிரிக்கலாம். நான் பலருக்கு அமைத்துக்கொடுத்த ஏற்பாடு இது.

பேரேட்டில் ஓர் அனாமத்துக் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். "கணக்காளர் பார்வைக்கு" என்று பெயர் வையுங்கள். வாரம் ஒருமுறை வங்கிப் பக்கத்தை நீங்களே திறந்து வரிகளை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை அதனதன் தலைப்பில் போடுங்கள். விலைப்பட்டியலுக்கு வந்த பணத்தை அந்த விலைப்பட்டியலோடு பொருத்துங்கள், இதை மட்டும் அனாமத்தில் தள்ளாதீர்கள். தள்ளினால் வாடிக்கையாளர் பாக்கியாகவே தெரிவார், பணமும் இன்னொரு பக்கம் நிற்கும். சந்தேகமான மற்ற எல்லாம் அனாமத்துக்குப் போகட்டும்.

வங்கிப் பக்கத்தில் உங்கள் வேலை அத்தோடு முடிந்தது. கணக்காளர் அங்கே வரவே வேண்டியதில்லை. அவர் அனாமத்துக் கணக்கின் பேரேட்டைத் திறந்து, ஒவ்வொரு பதிவாகத் தலைப்பை மாற்றுவார். அதற்குச் செலவு, வரவுப் பதிவுகளைத் திருத்தும் அனுமதியும், குறிப்பேட்டுப் பதிவு போடும் அனுமதியும் போதும். மாத முடிவில் அனாமத்து இருப்பு பூச்சியம் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் யாரோ வேலையை முடிக்கவில்லை என்று பொருள்.

தொகையையும் வங்கிக் கணக்கையும் தொடாமல் தலைப்பை மட்டும் மாற்றினால், ஏற்கெனவே முடித்த சரிக்கட்டல் கலையாது. தொகையை மாற்றினால் கலையும். இந்த ஒன்றை மட்டும் கணக்காளரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் திட்டத்தில் வங்கிப் பக்கம் வராத, ஆனால் பதிவுகளைத் திருத்தும் பயனர் வகை எது என்று அதே சோதனை முறையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதுவுமே பொருந்தவில்லை என்றால் கடைசி வழி: பார்வை மட்டும் கொடுத்து, திருத்தங்களை ஒரு அட்டவணையில் வாங்கி, மாதம் ஒருமுறை நீங்களே ஏற்றுவது. சலிப்பான வேலைதான், ஆனால் மாதத்துக்கு இருபது வரிக்குள் என்றால் தாங்கும்.

---

குறுக்குக்கணக்கு எழுதியது:

பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் வழிக்கே வந்துவிட்டீர்கள்.

---

பழையபேரேடு எழுதியது:

கடைசி வழியாக வந்தேன், முதல் வழியாக அல்ல. ஆனாலும் வெற்றியை வைத்துக்கொள்ளுங்கள்.

---

மாடிவீட்டுமேசை எழுதியது:

என்னுடைய மென்பொருள் கணினியிலேயே நிறுவியது, இணையத்தில் இல்லை. என் கணக்காளர் தொலைவிலிருந்து என் திரையில் ஏறி வேலை செய்வார். எனக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, வங்கி இணைப்பே கிடையாது. ஸ்டேட்மென்டைக் கோப்பாக இறக்கி நானே ஏற்றுகிறேன்.

---

ஐந்தொகை எழுதியது:

மாடிவீட்டுமேசை, உங்கள் நிலைதான் இங்கே எல்லாரையும்விட மோசம். உங்கள் திரையில் ஏறுபவருக்கு உங்கள் உலாவியும் கிடைக்கிறது. வங்கிக் கடவுச்சொல்லை உலாவியில் சேமித்து வைத்திருக்கிறீர்களா? மின்னஞ்சல் திறந்தே கிடக்கிறதா? ஒன்று செய்யுங்கள்: கணினியில் கணக்காளருக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, அதில் கணக்கு மென்பொருள் மட்டும் திறக்கும்படி வையுங்கள். உங்கள் சொந்தப் பயனரில் யாரையும் ஏற்றாதீர்கள்.

---

மாடிவீட்டுமேசை எழுதியது:

சேமித்துத்தான் வைத்திருக்கிறேன். எழுந்து போய் நீக்கிவிட்டு வருகிறேன்.

---

நெல்லிக்கனி எழுதியது:

எல்லாரும் உள்ளே வரும் இணைப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அடிபட்டது வேறிடத்தில். எங்கள் பழைய கணக்கு உதவியாளரின் மின்னஞ்சல் யாரிடமோ சிக்கிவிட்டது. அந்த ஆள் மென்பொருளுக்குள் வந்தான். வங்கி இணைப்பை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொருள் தரும் ஒருவரின் விவரத்தில் இருந்த வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த தவணையை நாங்களே, எங்கள் கையாலேயே, எங்கள் வங்கியிலிருந்து அவனுக்கு அனுப்பினோம். பணம் வரவில்லை என்று சரக்குக்காரர் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

விலைப்பட்டியலின் அடியில் அச்சாகும் நம்முடைய கணக்கு எண்ணும் அப்படித்தான். அதை மாற்றினால் வாடிக்கையாளர் பணம் வேறெங்கோ போகும்.

---

பழையபேரேடு எழுதியது:

நெல்லிக்கனி, உங்கள் பதிவு முதலிலேயே வந்திருக்க வேண்டும். உண்மையில் பணம் வெளியேறும் வாசல் இதுதான். வங்கி இணைப்பைப் பூட்டிவிட்டு இதைத் திறந்து வைத்தால் பூட்டியதில் பயனில்லை.

சில மென்பொருளில் தொடர்பாளர்களின் வங்கி விவரத்துக்கு என்று தனி அனுமதியே உண்டு. அப்படி இருந்தால் கணக்காளருக்கு அது வேண்டாம், அவர் வேலைக்கு அது தேவையே இல்லை. இல்லாவிட்டால், சரக்குக்காரர்களின் கணக்கு எண்களை மென்பொருளில் வைக்கவே வேண்டாம். வங்கித் தளத்தில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பெறுநர் பட்டியலிலிருந்து மட்டும் பணம் அனுப்புங்கள். எண் மாறியதாக யார் சொன்னாலும், பழைய தொலைபேசி எண்ணில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள், வந்த கடிதத்தில் இருக்கும் எண்ணில் அல்ல.

இன்னொன்றும் விட்டுப்போனது: பயனர்களைச் சேர்க்கும் அனுமதி. அது கணக்காளரிடம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. தனக்கே அதிகாரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அல்லது அவர் அலுவலகத்தில் இன்னொருவரைச் சேர்க்கலாம். குவிக்புக்ஸில் கணக்காளர் அழைப்பு அந்த அலுவலகத்துக்குப் போகிறது, அங்கே யார் உங்கள் கணக்கைத் திறப்பது என்பதை அவர்கள் தீர்மானிக்கிறார்கள். உளிச்சத்தம் கையை எடுத்ததற்கு அதுவும் ஒரு நல்ல காரணம்.

---

ஐந்தொகை எழுதியது:

எல்லாம் சரி. இப்போது என் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி, இதற்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை. இணைப்புக்காக வங்கியில் கொடுக்கும் ஒப்புதலுக்குப் பல இடங்களில் காலக்கெடு உண்டு. குறிப்பிட்ட நாள் ஆனதும் கணக்குக்குச் சொந்தக்காரர் மறுபடி உள்நுழைந்து புதுப்பிக்க வேண்டும். அது எப்போதும் படிவம் தாக்கல் செய்யும் வாரத்தில்தான் தீர்ந்துபோகும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. உரிமையாளர் பயணத்தில் இருப்பார், தொலைபேசி எடுக்க மாட்டார், எனக்குக் கடைசிப் பத்து நாள் வரிகள் வேண்டும். என்ன செய்வது?

---

வெளித்திண்ணை எழுதியது:

வீட்டில் நம்பகமான இன்னொருவரை இரண்டாம் நிர்வாகியாக வைக்கலாமே. கடவுச்சொல்லைத்தான் கொடுக்கக் கூடாது, தனிப் பயனராகச் சேர்க்கலாம்.

---

பழையபேரேடு எழுதியது:

வெளித்திண்ணை சொல்வது மென்பொருளுக்குப் பொருந்தும், வங்கி ஒப்புதலுக்குப் பொருந்தாது. ஒப்புதலை வங்கிக் கணக்கின் மீது உரிமை உள்ளவர்தான் புதுப்பிக்க முடியும். வங்கியிலும் அவர் கூட்டுக் கையெழுத்தாளராக இருந்தால் சரி.

நான் செய்வது எளிது. இணைப்பு இறந்துவிட்டால் அதை அவசரத்தில் உயிர்ப்பிப்பதில்லை. உரிமையாளர் வங்கித் தளத்திலிருந்து ஸ்டேட்மென்டை மட்டும் இறக்கி அனுப்பினால் போதும், கைப்பேசியிலேயே முடியும். கணக்காளர் அதைப் பார்த்து விடுபட்ட வரிகளைத் தன் தாளில் கூட்டிக்கொண்டு படிவத்தை முடிப்பார். மென்பொருளில் கையால் ஏற்ற வேண்டாம். ஏற்றினால் இணைப்பு திரும்பிய அன்று அதே வரிகள் மறுபடி வந்து, மேலே நான் சொன்ன இரட்டைக் கதை தொடங்கும்.

---

ஐந்தொகை எழுதியது:

தாளில் ஒன்று, மென்பொருளில் ஒன்று என்று வைத்துப் படிவம் தாக்கல் செய்ய எனக்குக் கை வராது. பேரேட்டில் இல்லாத எண்ணில் நான் கையெழுத்திட மாட்டேன். கையால் ஏற்றிவிட்டு, இணைப்பு திரும்பியதும் வரும் வரிகளைப் புதிதாகச் சேர்க்காமல் ஏற்றியவற்றோடு பொருத்துவதுதான் என் முறை. தேதியும் தொகையும் சரியாக இருந்தால் மென்பொருளே பொருத்தத்தைக் காட்டும்.

---

பழையபேரேடு எழுதியது:

காட்டும். ஆனால் பொருத்தப்போவது நீங்கள் அல்ல, வாரம் ஒருமுறை அவசரமாக வங்கிப் பக்கத்தைத் திறக்கும் உரிமையாளர். அங்கேதான் எனக்கு நம்பிக்கை இல்லை. இதில் நாம் இருவரும் உடன்படப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

---

உளிச்சத்தம் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

கணக்காளரிடம் நேரில் பேசினேன். அவர் சிரித்துவிட்டு, "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். என் திட்டத்தில் இருந்த வகைகளை ஒவ்வொன்றாகச் சோதனைப் பயனருக்குக் கொடுத்துப் பார்த்தேன். வங்கிப் பக்கத்தை மறைத்த வகைகள் பதிவுகளையும் கூடவே பாதி மறைத்தன. கடைசியில் ஜோஹோ புக்ஸுக்கு மாற முடிவு செய்தோம், கணக்காண்டு மாறும் நேரமும் அருகில்தான் இருந்தது. அங்கே அவருக்கென்று ஒரு பயனர் வகை அமைத்தேன். வங்கி வரியில் பார்ப்பது மட்டும், குறிப்பேட்டுப் பதிவில் எல்லாம், பயனர் நிர்வாகத்தில் எதுவும் இல்லை. அவருக்கு அழைப்பு அனுப்புவதற்கு முன் அதே வகையில் நானே உள்ளே போய்ப் பார்த்தேன். மூன்று கணக்குகளும் தெரிந்தன, இணைப்பை நீக்கும் பொத்தான் தெரியவில்லை.

நெல்லிக்கனி சொன்னதைப் படித்த அன்றே சரக்குக்காரர்களின் கணக்கு எண்களை மென்பொருளிலிருந்து எடுத்துவிட்டேன். பலகை தருபவர் ஒருவரின் எண் ஆறு மாதத்துக்கு முன்பே மூடப்பட்ட கணக்கினுடையது என்று அப்போதுதான் தெரிந்தது.

அனாமத்துக் கணக்கில் முதல் வாரம் 17 பதிவுகள் விழுந்தன. அவர் 15-ஐ முடித்துவிட்டார். மீதி இரண்டும் நான் கடன் அட்டையில் வாங்கிய ஏதோ ஒன்று, எனக்கே நினைவில்லை. ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முடித்த சரிக்கட்டலை அவிழ்க்க வேண்டி வந்தால் அவரால் முடியவில்லை, நான்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் எழுதுங்கள்.